வங்கிகளின் என்ஆர்ஐ பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்: அந்த ஒரு வரி போதாது

இந்திய வங்கிகளில் என்ஆர்ஐ சேமிப்புக் கணக்குகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதை என்ஆர்இ கணக்கில் போடுகிறேன். ஊரில் இருக்கும் கடையின் வாடகை என்ஆர்ஓ கணக்கில் விழுகிறது. வளைகுடாவில் இருக்கும் பெரும்பாலான தமிழர்களுக்கு இந்த இரண்டு கணக்கும் இருக்கும். உங்களிடம் நான் கேட்கப்போவது அதிக வட்டியோ கட்டணச் சலுகையோ இல்லை. மாதாமாதம் நீங்கள் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டைப் பற்றித்தான் பேச வருகிறேன். எந்த வங்கி என்று பெயர் சொல்லப்போவதில்லை. நண்பர்களின் ஸ்டேட்மென்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன், இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்த நாளில் ஸ்டேட்மென்ட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
INW REM USD        CR   419843.72
```

அவ்வளவுதான். நான் அனுப்பியது எத்தனை டாலர், உங்களிடம் வந்து சேர்ந்தது எத்தனை, எந்த ரேட்டில் ரூபாயாக மாற்றினீர்கள், எவ்வளவு பிடித்தீர்கள் என்று எதுவும் அதில் இல்லை. கடைசியில் மிஞ்சிய தொகை மட்டும் நிற்கிறது.

இந்த வரியைப் பிரித்துப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க ரேட்டை முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன். இங்கிருந்து 5,000 டாலர் அனுப்புகிறேன். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால் இந்தப் பக்கத்தில் ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை, விளையாட்டு எல்லாம் ரூபாய்ப் பக்கத்தில்தான். அன்று வங்கிகளுக்கு இடையில் டாலர் 85 ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ரேட்டில் 5,000 டாலருக்கு 4,25,000 ரூபாய் வர வேண்டும். கணக்கில் ஏறியதோ 4,19,843 ரூபாய் 72 காசு. நடுவில் 5,156 ரூபாய் 28 காசு எங்கேயோ போயிருக்கிறது.

அது மூன்று இடத்தில் போகிறது. முதலில், வழியில் இருக்கும் இடைத்தரகு வங்கி. ஷார்ஜாவில் உள்ள வங்கிக்கும் உங்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. நடுவில் நியூயார்க்கில் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கி டாலரைக் கைமாற்றிவிடும். கட்டணத்தை இருவரும் பகிர்ந்துகொள்வது என்ற முறையில் அனுப்பினால் அந்த வங்கி தன் கூலியை அனுப்பும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 20 டாலர் எடுத்தது என்றால் உங்களிடம் வருவது 4,980. சந்தை ரேட்டில் 1,700 ரூபாய் அங்கேயே போயிற்று.

இரண்டாவது, உங்கள் ரேட். சந்தையில் 85 என்றால் நீங்கள் டாலரை வாங்கும் ரேட், அதாவது டிடி பையிங் ரேட், 84.40 என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 60 காசு. கேட்கச் சின்னதாக இருக்கிறது, 4,980 டாலருக்கு அது 2,988 ரூபாய். மூன்றிலும் பெரிய துண்டு இதுதான். இது கட்டணம் என்ற பெயரில் எங்கும் வராது. "கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்யும் சேவைகளிலும் இது உண்டு.

மூன்றாவது, நாணயம் மாற்றியதற்கான ஜிஎஸ்டி. இதற்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. மாற்றிய முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போட மாட்டார்கள். 1 லட்சம் ரூபாய் வரை அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதம், அதையும் தாண்டினால் 0.1 சதவீதம். அப்படிக் கிடைத்த மதிப்பின் மேல்தான் 18 சதவீதம் வரி. 4,980 டாலரை 84.40-இல் மாற்றினால் 4,20,312 ரூபாய். முதல் லட்சத்துக்கு 1,000, மீதிக்கு 1,601.56, ஆக மதிப்பு 2,601.56. வரி 468 ரூபாய் 28 காசு. 1,700, 2,988, 468.28 மூன்றையும் கூட்டினால் காணாமல்போன 5,156.28 காசு பிசகாமல் வந்துவிடும்.

இதில் எதையும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. இடைத்தரகு வங்கி சும்மா வேலை பார்க்காது, உங்களுக்கும் லாபம் வேண்டும், வரி அரசாங்கத்துடையது. ஆனால் எந்தத் துண்டு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம் என்று எங்களுக்குத் தெரியும். இடைத்தரகு வங்கிதான் அதிகம் எடுக்கிறது என்றால் அனுப்பும் இடத்திலேயே முழுக் கட்டணத்தையும் கட்டிவிடுவேன், அல்லது மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்து அனுப்புவேன். ரேட்டில்தான் அதிகம் போகிறது என்றால் உங்கள் கருவூலப் பிரிவிடம் பேசி ரேட் கேட்பேன், அல்லது எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் கவுன்டரில் ரூபாய் ரேட்டைப் பேசி முடித்துவிட்டு அனுப்புவேன். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வெறும் 4,19,843.72-ஐப் பார்த்து எந்த நோய் என்று எப்படிச் சொல்வது?

இந்த விவரமெல்லாம் உங்களிடம் இல்லாததும் இல்லை. பணத்தோடு வரும் ஸ்விஃப்ட் செய்தியிலேயே, முதலில் அனுப்பச் சொன்ன தொகை எவ்வளவு, வழியில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதற்குத் தனி இடம் இருக்கிறது. ரேட் உங்கள் சிஸ்டத்தில் பதிவாகாமல் ரூபாய் கணக்கில் ஏறவே ஏறாது. கிளையில் போய்க் கேட்டால் உள்வரவுச் சான்று என்று ஒரு தாள் கொடுக்கிறீர்கள், அதில் டாலரும் ரேட்டும் அச்சாகியிருக்கின்றன. கேட்டால் கிடைப்பதைக் கேட்காமலே ஸ்டேட்மென்ட்டில் போடுவதில் என்ன கஷ்டம்? போதிய விவரம் இல்லாத பதிவுகளைப் பாஸ்புக்கிலும் ஸ்டேட்மென்ட்டிலும் போடாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2017 ஜூனில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

ரேட்டோடு இன்னொன்றையும் போட முடியும். எஃப்பிஐஎல் என்ற அமைப்பு ஒவ்வொரு வேலை நாளும் டாலருக்கான குறிப்பு ரேட்டை வெளியிடுகிறது. 2018-க்கு முன்பு இதை ரிசர்வ் வங்கியே வெளியிட்டுவந்தது. அன்றைய குறிப்பு ரேட்டை உங்கள் ரேட்டுக்குப் பக்கத்தில் அச்சடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பள்ளிக்கூடப் பையன்கூடக் கழித்துப் பார்த்துக்கொள்வான். நாள் முழுவதும் ரேட் நகரும், குறிப்பு ரேட்டோடு ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை என்பீர்கள். சரி, அதனால்தான் மாற்றிய நேரத்தையும் கேட்கிறேன். வெள்ளி மாலை இங்கிருந்து கிளம்பும் பணம் திங்கள்கிழமை ரேட்டில் மாறுகிறது. அனுப்பிய அன்று போனில் பார்த்த ரேட்டை வைத்துக்கொண்டு கிளையில் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர், நேரம் அச்சாகியிருந்தால் சண்டையே போட மாட்டார்கள்.

அடுத்தது வட்டி. என்ஆர்இ சேமிப்புக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அதனால் அங்கே குழப்பம் குறைவு. என்ஆர்ஓ-வில்தான் சிக்கல். சேமிப்பு வட்டி 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்பின் மேல் கணக்காகிறது. ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது இருக்கும் தொகையை எடுத்துக்கொண்டு, காலாண்டு முடிவில் மொத்தமாக வரவு வைக்கிறீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 92 நாள். முதல் 40 நாள் 6 லட்சமும் பிறகு 52 நாள் 2 லட்சமும் இருந்தது, வட்டி 2.5 சதவீதம் என்றால் வருவது 2,356 ரூபாய். என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிக்கிறீர்கள், மொத்தம் 31.2 சதவீதம். ஊரில் இருப்பவர்களுக்குச் சேமிப்பு வட்டியில் டிடிஎஸ் பிடிப்பதில்லை. எங்களுக்கு முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. 2,356-இல் 735 போய் 1,621 மிஞ்சும்.

சில ஸ்டேட்மென்ட்டுகளில் 2,356 வரவு, 735 பற்று என்று இரண்டு வரி இருக்கிறது. அது சரியான முறை. சிலவற்றில் 1,621 என்று ஒரே வரி. அதைப் பார்ப்பவர் தனக்கு 1.7 சதவீத வட்டிதான் கிடைக்கிறது என்று நினைப்பார், அல்லது வருமான வரிக் கணக்கில் 1,621-ஐயே வட்டி என்று காட்டிவிடுவார். வரித்துறையின் டிடிஎஸ் பட்டியலில் 2,356 இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது.

இதைவிட முக்கியமானது பிடித்த விகிதம். இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையில் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி எங்களைப் போன்றவர்களின் வங்கி வட்டிக்கு இந்தியா 12.5 சதவீதத்துக்கு மேல் வரி போடக் கூடாது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 15 சதவீதம். அந்தச் சலுகை வேண்டும் என்றால் இங்கே வசிக்கிறோம் என்பதற்கு வரி வசிப்புச் சான்றிதழும் அதோடு ஒரு உறுதிமொழிப் படிவமும் உங்களிடம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக. போன வருடம் கொடுத்தது மார்ச் 31-ஓடு செத்துப்போகிறது. ஏப்ரல் வந்ததும் சத்தமில்லாமல் 31.2-க்குத் திரும்பிவிடுகிறீர்கள். ஜூன் காலாண்டு வட்டியில் பிடித்ததை வட்டியால் வகுத்துப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். 0.125-க்குப் பதில் 0.312 வந்தால் சான்றிதழ் காலாவதி என்று அர்த்தம். சேமிப்புக் கணக்கில் இது சில நூறு ரூபாய் விஷயம்தான். ஆனால் அதே கணக்கோடு கட்டிய 10 லட்ச ரூபாய் வைப்புக்கு 7 சதவீத வட்டி 70,000 வருகிறது என்றால் ஒரு முறையில் 21,840 ரூபாயும் இன்னொரு முறையில் 8,750 ரூபாயும் பிடிபடும். அதிகம் பிடித்ததைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். டிடிஎஸ் வரிக்குப் பக்கத்தில் "31.2%" அல்லது "12.5%, ஒப்பந்தப்படி" என்று நீங்கள் அச்சடித்தால் இந்த வகுத்தல் யாருக்கும் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் ஒன்று சொல்லச் சொன்னார்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லாவிட்டாலும் அங்கே உண்டு, அவர்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். உங்கள் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. தேதி வரம்பைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி செய்துகொடுத்தால் போதுமாம்.

இனி பணத்தைத் திருப்பி அனுப்புவது. என்னைக் கேட்டால் ஸ்டேட்மென்ட்டின் குறை அதிகம் கடிப்பது இங்கேதான்.

என்ஆர்இ கணக்கில் இருப்பதை, அசலானாலும் வட்டியானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே கொண்டுபோகலாம், வரம்பு இல்லை. (நாணயம் இரண்டு தடவை மாறுவதால் தேய்மானம் உண்டு. மேலே சொன்ன 4,20,312 ரூபாயை மறுநாளே 85.60 என்ற விற்பனை ரேட்டில் டாலராக்கினால் 4,910-தான் கிடைக்கும். ரூபாய் அசையாமலே 70 டாலர் போய்விடும்.) என்ஆர்ஓ-வுக்கு வரம்பு உண்டு, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர். ஒருவருக்கு எத்தனை வங்கியில் எத்தனை கணக்கு இருந்தாலும் மொத்தத்துக்கும் சேர்த்து இதே அளவுதான்.

10 லட்சம் டாலரை எட்டிப் பிடிப்பவர்கள் எங்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? எங்களுக்கு உண்மையான வரம்பு அந்த எண் இல்லை. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கிளையில் கேட்கும்போது ஸ்டேட்மென்ட்டை வைத்துக் காட்ட முடியாமல்போவதுதான் வரம்பு.

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை மாதம் 22,000, வருடத்துக்கு 2,64,000. அதே வருடம் அப்பாவின் நிலத்தை விற்றதில் 40 லட்சம் வந்தது. எல்லாம் ஒரே என்ஆர்ஓ கணக்கில்தான். விதிப்படி இவை இரண்டும் வேறு வேறு சாதி. வாடகை, வட்டி, டிவிடெண்ட், ஓய்வூதியம் எல்லாம் நடப்பு வருமானம். வரி போக அவற்றை அனுப்பினால் 10 லட்சம் டாலர் வரம்பில் சேராது. நிலம் விற்ற பணம் வரம்பில் சேரும், 85 ரூபாய் ரேட்டில் அது சுமார் 47,000 டாலர். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் வாடகையும் நெஃப்ட், நிலம் விற்ற பணமும் நெஃப்ட், அண்ணன் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் நெஃப்ட். அனுப்பப் போனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக வரம்புக் கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். வாடகையைத் தனியாகக் காட்டுங்கள் என்றால் வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய ரசீது எல்லாம் கொண்டுவரச் சொல்கிறார்கள். கொண்டுவருகிறோம். அடுத்த வருடமும் அதையே முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

ஆடிட்டர் வேலை வேறு இருக்கிறது. 15சிஏ, 15சிபி என்று நாம் பழகிய படிவங்கள் இதற்குத்தான். வரிக்கு உட்பட்ட தொகை ஆண்டில் 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஆடிட்டர் சான்று வேண்டும். அவர் முதலில் கேட்பது ஸ்டேட்மென்ட்டைத்தான். எந்தத் தொகைக்கு வரி பிடித்தாயிற்று, எதற்கு இல்லை என்று பேனாவால் குறித்துக்கொண்டே போகிறார். ஒவ்வொரு வரவுக்கும் நான் ஒரு தடவை வகை சொல்லி, நீங்கள் அதைப் பதிந்து வைத்தால் அந்தப் பேனாவுக்கு வேலையே இல்லை.

கிளைகளில் விதியே மாறிப்போவதும் உண்டு. "வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர்தான் சார்" என்று ஒரு அதிகாரி என்னிடம் அடித்துச் சொன்னார். அது இந்தியாவில் குடியிருப்பவர்கள் வெளியே அனுப்புவதற்கான வரம்பு, எங்களுக்கு இல்லை. இன்னொரு கிளையில் என்ஆர்இ-யிலிருந்து அனுப்பவும் ஆடிட்டர் சான்று கேட்டார்கள். அதே சமயம், நிஜமாகவே எச்சரிக்கை வேண்டிய இடத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. என்ஆர்ஓ-விலிருந்து சொந்த என்ஆர்இ கணக்குக்கு மாற்றுவது 2012-லிருந்து அனுமதிக்கப்பட்டது. அது வெளிநாட்டுக்கு அனுப்பியதற்குச் சமம். அதே படிவங்கள் வேண்டும், அதே 10 லட்சம் டாலர் வரம்பில் கழியும். ஸ்டேட்மென்ட்டில் அது இப்படி நிற்கிறது:

```
TO TRF OWN A/C     DR   1500000.00
```

பக்கத்து அறைக்கு நாற்காலியை நகர்த்திய மாதிரி. மார்ச்சில் இரண்டாவது வங்கியில் "இந்த ஆண்டு இதுவரை எவ்வளவு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று உறுதிமொழி எழுதும்போது இந்த 15 லட்சத்தை எத்தனை பேர் சேர்ப்பார்கள்?

ஆக, என்ஆர்ஓ ஸ்டேட்மென்ட்டின் அடியில் எனக்கு வேண்டியது இரண்டே தொகை. இந்த நிதியாண்டில் இந்த வங்கி வழியாக வரம்புக்குள் போனது எத்தனை டாலர், நடப்பு வருமானமாக வரம்புக்கு வெளியே போனது எத்தனை டாலர். என்ஆர்இ-க்கு மாற்றியதும் முதல் தொகையில் சேர வேண்டும். மற்ற வங்கிகளில் நான் அனுப்பியது உங்களுக்குத் தெரியாது, அதை நான் கூட்டிக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் சிஸ்டம் மாற்ற வேண்டும், நாளாகும் என்று பதில் வரும் என்று தெரியும். அப்படியானால் உள்வரவு வரியிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் புதிதாக எந்தத் தகவலும் திரட்ட வேண்டாம். என் மாதிரிக்கு இப்படி இருந்தால் போதும்:

```
INW REM  SENT USD 5000.00  RECD USD 4980.00
RATE 84.40  REF RATE 85.00  TIME 11:42
GROSS 420312.00  GST 468.28  CR 419843.72
```

டிடிஎஸ் விகிதத்தை ஜூன் காலாண்டு வட்டியோடு சேர்த்துவிடலாம், சான்றிதழ் புதுப்பிக்காதவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். வரம்புக் கணக்கை அடுத்த நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், பழையதைத் தோண்ட வேண்டாம். இதில் எது முடியும், எது முடியாது, முடியாததற்கு ரிசர்வ் வங்கியின் எந்த விதி தடை என்று எழுத்தில் பதில் தந்தால் நன்றி.

இப்படிக்கு,
ஷார்ஜாவிலிருந்து ஒரு என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குதாரர்